ரோல்பிளே: ‘உடைத்தேன்’ என்று சொல்லக்கூடாத விளையாட்டு

ரோல்பிளே என்ற சொல் பல இடங்களில் அடிபடுகிறது. வகுப்பறையில் ஒரு பொருள், மனநல சிகிச்சையில் ஒரு பொருள், விளையாட்டில் இன்னொன்று. இங்கே எடுத்துக்கொள்வது விளையாட்டை, அதிலும் இருவர் மட்டும் ஆடும் வகையை. ஒருவர் கதையில் ஒரே ஒரு ஆளாக இருப்பார். எதிரில் இருப்பவர் மற்ற எல்லாமாக இருப்பார்: காவலாளி, வழிப்போக்கர், நாய், மழை, பூட்டிய கதவு எல்லாமே அவர்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ரோல்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில் ‘ரோட்டுலுஸ்’, அதாவது சுருள். பழைய ஐரோப்பிய நாடகங்களில் நடிகருக்கு முழு நாடகத்தையும் கொடுப்பதில்லை. அவர் பேச வேண்டிய வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் இரண்டொரு சொற்களும் மட்டும் எழுதிய ஒரு தாள் சுருளைக் கொடுப்பார்கள். 1590களில் எட்வர்ட் அலெய்ன் என்ற நடிகர் பயன்படுத்திய அப்படி ஒரு பிரதி லண்டனில் உள்ள டல்லிச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. தன் வரிகள் மட்டும் தெரியும், அடுத்தவர் என்ன பேசுவார் என்பது முழுதாகத் தெரியாது. அந்தச் சுருளின் பெயரே நாளடைவில் அந்தப் பாத்திரத்துக்கு ஆகிவந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ரோல்பிளேயில் சுருளே கிடையாது, யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் ‘என் பங்கு மட்டும்தான் எனக்குத் தெரியும்’ என்ற நிலை அப்படியே இருக்கிறது. சொல்லின் உடல் போய்விட்டது, உயிர் தங்கிவிட்டது.

விளையாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது நாடக மேடையிலிருந்து நேராக அல்ல. வியன்னாவில் 1920களில் யாக்கோப் மொரேனோ என்ற மருத்துவர் எழுதாத நாடகங்களை நடத்திப் பார்த்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், பாத்திரமேற்று நடிப்பதை மனநல சிகிச்சையாக வளர்த்தார். இன்னொரு பக்கம், பிரஷ்யப் படை அதிகாரிகளின் போர் விளையாட்டு. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட விதிகளின்படி ஆடுபவர் கட்டளையை எழுதிக் கொடுப்பார். நடுவர் அதை வாங்கிக்கொண்டு, படை எங்கே போய்ச் சேர்ந்தது, எதிரி கண்ணில் பட்டானா என்று சொல்வார். ‘மற்றதெல்லாம் நான்’ என்னும் ஆள் பிறந்த இடம் இதுதான். பாத்திரமேற்பதும் நடுவர் வைத்து ஆடுவதும் 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் ஒன்றுசேர்ந்தன. அதன் முதல் பதிப்பிலும் ‘மற்றதெல்லாம் நான்’ என்பவருக்கு நடுவர் என்றுதான் பெயர். டஞ்சன் மாஸ்டர் என்ற பெயர் அடுத்து வந்தது.

சரி, இந்த ஆட்டத்தில் யார் எதைச் சொல்லலாம்? இதை விளக்க ஆங்கிலத்தில் நிறைய விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் வினைச்சொல்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் எண்ணம்.

மாறன் என்றொரு பாத்திரம். நள்ளிரவில் கோட்டைக் கதவுக்கு வெளியே நிற்கிறான். ஆடுபவர் எழுதுகிறார்:

“கதவிடுக்கில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பப் பார்க்கிறேன். ஒரு கண் காவலாளி மேலேயே இருக்கிறது.”

எதிரில் இருப்பவர்:

“தாழ்ப்பாள் அரை விரல் நகர்கிறது. கூடவே ஒரு கிறீச். காவலாளி புரண்டு படுக்கிறான். கண்ணைத் திறக்காமலே ‘யாருப்பா அது?’ என்கிறான்.”

ஆடுபவர் சொன்னது ‘நெம்பப் பார்க்கிறேன்’. அது முயற்சி, அதுதான் அவருடைய எல்லை. ‘நகர்கிறது’ என்பது விளைவு, அது எதிரில் இருப்பவருக்கு உரியது. உடை என்ற வினையை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். ‘கதவை உடைக்கப் பார்க்கிறேன்’ என்று ஒருவர் சொல்ல, ‘உடைந்தது’ என்றோ ‘அசையவே இல்லை’ என்றோ மற்றவர் சொல்ல வேண்டும். ‘கதவை உடைத்தேன்’ என்று ஆடுபவரே சொல்லிவிட்டால் முயற்சியையும் விளைவையும் ஒரே சொல்லில் சுருட்டிக்கொண்டுவிட்டார் என்று பொருள். ‘காவலாளியைத் தள்ளினேன், அவன் மயங்கி விழுந்தான்’ என்பது இன்னும் மோசம். காவலாளி அவருடைய ஆளே இல்லை. ஆட்டக்காரர்கள் இதை காட்மோடிங் என்பார்கள். நமக்குக் கைமீறல் என்றாலே விளங்கும்.

கைமீறல் எதிர்ப்பக்கத்திலும் நடக்கும், அது எளிதில் கண்ணில் படாது. மேலே உள்ள பதிலின் கடைசியில் ‘நீ பதறிப்போய் ஓடிவிடுகிறாய்’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாறன் பதறுவானா, பூனைபோல் கத்திப் பார்ப்பானா, ‘நான்தான், தூங்கு’ என்று துணிந்து சொல்வானா என்பதை முடிவு செய்யத்தான் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இருப்பதே அந்த ஒரு ஆள். அவனையும் பிடுங்கிக்கொண்டால் அவர் வெறும் வாசகராகிவிடுவார். ‘நீ பார்க்கிறாய்’, ‘உனக்குக் கேட்கிறது’ வரைக்கும் சரி. ‘நீ நினைக்கிறாய்’, ‘நீ முடிவு செய்கிறாய்’ என்று வந்தால் எல்லை தாண்டியாயிற்று. நடுவில் தகராறான இடமும் உண்டு. ‘கம்பி உன் கையிலிருந்து நழுவுகிறது’ என்பது உலகமா, மாறனா? பகடை உருட்டி ஆடுபவர்கள் அதைப் பகடையிடம் விட்டுவிடுகிறார்கள். பகடை இல்லாதவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுதான் வழி.

இனி தமிழ்ச் சொல். கல்வித் துறையில் ‘பாத்திரமேற்று நடித்தல்’ என்று புழங்குகிறது. பொருள் பிழையில்லை, ஆனால் ‘நடித்தல்’ என்றதும் எழுதி வைத்த வசனமும் பார்வையாளரும் நினைவுக்கு வருகிறார்கள். இங்கே இரண்டும் இல்லை. இலங்கைத் தமிழில் ரோலுக்கு ‘வகிபாகம்’ என்ற நல்ல சொல் உண்டு. ஒருவர் வகிக்கும் பங்கு என்பதால் சுருளின் பொருளுக்கு அது நெருக்கம். ‘வேடம்’ உடையையும் ஒப்பனையையும் முன்னால் கொண்டுவந்துவிடுகிறது. என் தேர்வு ‘பாத்திரமாடல்’. ஆடல் என்பதில் விளையாட்டும் இருக்கிறது, கூத்தும் இருக்கிறது.

எதிரில் இருப்பவருக்குப் பெயர் வைப்பதுதான் கடினம். ‘நடுவர்’ வரலாற்றுப்படி சரி, ஆனால் நடுவர் நாயாகக் குரைக்கமாட்டார். ‘கதைசொல்லி’ என்று பலர் சொல்கிறார்கள். கதையை அவர் ஒருவரே சொல்வதுபோல் ஆகிவிடுவதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்றொருவர் உண்டு. வருபவர் யாரென்று அறிவிப்பார், அவரோடு பேச்சுக் கொடுப்பார், தேவைப்பட்டால் சின்னச் சின்ன ஆட்களாகவும் தானே மாறிக்கொள்வார். வேலையை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆண் பெண் இருவருக்கும் ஆகும்படி ‘கட்டியங்காரர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே குறை, கூத்தின் கட்டியங்காரன் நையாண்டிக்காரர், கதை எப்படி முடியும் என்பது அவர் கையில் இல்லை.

ஆட உட்காரும்போது இந்தப் பெயர்கள் எதுவும் யாருக்கும் வாயில் வராது என்பதும் உண்மை. “நீ மாறன், மத்ததெல்லாம் நான்” என்று ஒருவர் சொல்வார், மற்றவர் “சரி” என்பார். அதோடு ஆட்டம் தொடங்கிவிடும்.