காலர் டெய்லரின் முன்னால் குவியும் பீஸ்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஓடும் லைனில் எட்டுப் பேர். நாளொன்றுக்கு 600 பீஸ் வேண்டும், 475ஐத் தாண்டவில்லை. லைனைச் சரிசெய்ய நான் போனதும் சூப்பர்வைசர் சொன்ன முதல் வார்த்தை, "காலர் டெய்லரை மாற்றிவிடுங்கள் சார், கை மெதுவு." அந்த அம்மாவுக்கு முன்னால் பண்டில்கள் இடுப்பளவு குவிந்திருந்தன. அவருக்கு அடுத்த மெஷினில் இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு மேஜைக்கு முன் குவியல், பின் வெறுமை என்றால் லைன் அங்கேதான் அடைத்திருக்கிறது. ஆனால் அது கையின் குற்றமா, வேலைப் பங்கீட்டின் குற்றமா என்பதைக் குவியல் சொல்லாது. அதற்கு முதலில் டாக்ட் டைம் தெரிய வேண்டும். டாக்ட் என்பது ஜெர்மன் சொல். தாளம் என்று பொருள். எத்தனை நொடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு வெளியேறினால் ஆர்டர் முடியும் என்பதே அந்தத் தாளம். மெஷினின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாங்குபவர் கேட்கும் எண்ணிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஷிப்ட் 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு 20 கழித்தால் 460 நிமிடம், அதாவது 27,600 நொடி. அதை 600ஆல் வகுத்தால் 46. டீ நேரத்தைக் கழிக்க மறந்து 48 என்று எழுதிவைக்கிற கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன். மாலையில் குறைவது எதனால் என்று பிறகு தேடுவார்கள்.

அடுத்து ஸ்டாப்வாட்ச். ஒவ்வொருவரிடமும் பத்துப் பதினைந்து பீஸ் பார்த்தேன். பண்டிலை அவிழ்ப்பதும் கட்டுவதும் சேர்த்துத்தான் கணக்கு. முதல் சில பீஸ்களை எழுதுவதில்லை. வாட்சைக் கண்டால் சிலருக்குக் கை பறக்கும், சிலருக்கு நடுங்கும். வந்த நொடிகள் இவை: ஷோல்டர் 24, காலர் 58, கழுத்து டேப் 30, கை மடிப்பு 34, கை ஏற்றுதல் 44, சைடு 52, பாட்டம் மடிப்பு 32, பிசிறு வெட்டிச் செக்கிங் 40. கூட்டினால் 314. இதை 46ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஆக, எட்டுப் பேர் தாராளம். ஆனாலும் 58 நொடிக்கு ஒரு பீஸ்தான் காலரைத் தாண்டுகிறது. 27,600ஐ 58ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 475 வந்து நிற்கும். காலர் அம்மாவின் கையில் குறையே இல்லை. அவர் தலையில் இரண்டு வேலை.

கழுத்துப் பட்டையாக வரும், இழுத்தால் நீளும் ரிப் துணி வெட்டி வந்திருக்கும். அந்தத் துண்டை வளையமாக மூட்டுவது 14 நொடி. அதைக் கழுத்தில் ஏற்றுவது 44. மூட்டுவதற்கு வேண்டியது, ஓரத்தை வெட்டிக்கொண்டே இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின். ஷோல்டர்காரரிடம் இருப்பதும் ஓவர்லாக்தான். அவருக்கு 24 நொடி வேலைதானே, மூட்டுவதை அங்கே தள்ளினால் 38. கை மடிப்பவருக்கும் நேரம் இருந்தது. ஆனால் அவர் மெஷின் மடிப்புத் தைக்கும் பேட்லாக். அதில் ரிப்பை மூட்ட முடியாது. யாரிடம் நேரம் மிச்சம் என்று பார்த்தால் போதாது, எந்த மெஷின், எந்த வரிசை என்றும் பார்க்க வேண்டும்.

சைடில் 52 வந்ததற்குக் காரணம் வாஷ்கேர் லேபிள். மூட்டிக்கொண்டே போகிறவர் நடுவில் நிறுத்தி, லேபிளை மடித்துச் செருகுகிறார். அதற்கு 8 நொடி. கழுத்து டேப் வைப்பவரிடம் சிங்கிள் நீடில் இருக்கிறது, அவர் கைக்கு வரும்போது பீஸின் சைடு திறந்தே இருக்கிறது. லேபிளை முன்பக்க ஓரத்தில் அங்கேயே ஒரு தையல் போட்டுப் பிடிக்கச் சொன்னோம். அவருக்கு 10 நொடி கூடியது. மொத்த வேலை 316 ஆகிவிட்டது என்று மேனேஜர் முகம் சுளித்தார். அந்த இரண்டு நொடியைக் கொடுத்ததால்தான் சைடு 44க்கு இறங்கியது.

இப்போது எந்த இடத்திலும் 44க்கு மேல் இல்லை. கணக்குப்படி 627 பீஸ் வரலாம். 46க்கும் 44க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு நொடியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்: நூல் அறும், ஊசி உடையும், கறுப்புத் துணியில் தையல் கண்ணுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் ஷோல்டரில் தடுமாற்றம். ரிப்பை முறுக்கி மூட்டி, பிரித்துத் தைத்தார்கள். அதன்பின் 600ஐ ஒட்டியே ஓடியது. இந்த லைனில் ஷிப்ட் சம்பளம் என்பதால் வேலையை மாற்றியதில் சண்டை வரவில்லை. பீஸ் ரேட் லைனாக இருந்திருந்தால், ரிப் மூட்டும் கூலியை யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது என்பதை முதலில் பேசி முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் ஆர்டர் 720 ஆனது. தாளம் 38 நொடிக்கு இறங்கிவிட்டது. 44 எல்லாம் மறுபடி அடைப்பு. 316ஐ 38ஆல் வகுத்தால் எட்டுக்கு மேல் வருவதால் ஒன்பதாவது ஆள் நிச்சயம் வேண்டும். ஆனால் காலர், கை, சைடு மூன்றும் 44இல் நிற்கின்றன, அவரை எந்த மெஷினில் உட்காரவைப்பது? வாட்சை எடுத்துக்கொண்டு மறுபடி ஷோல்டரிலிருந்து தொடங்கினேன்.