ஏரிக்கணக்கில் பத்து சதவீதம், கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு?

மும்பையில் தமிழ் வாசகர்களுக்காக ஊர்ச் செய்திகள் எழுதுவது என் வேலை. கோடை வந்தால் என் நாள் ஒரு அட்டவணையோடுதான் தொடங்கும். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் காலை 6 மணி நிலவரத்தை மாநகராட்சி தினமும் வெளியிடுகிறது. ஒவ்வொரு ஏரியின் நீர்மட்டம் மீட்டரிலும், எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இருப்பு மில்லியன் லிட்டரிலும் இருக்கும். கூடவே மொத்தக் கொள்ளளவில் அது எத்தனை சதவீதம், முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதே தேதியில் எவ்வளவு இருந்தது என்பதும் இருக்கும். நல்ல அட்டவணை. ஆனால் அதை மட்டும் வைத்து எழுதிய செய்திகளில் நான் தவறியிருக்கிறேன். 2024 கோடையில் தாராவியின் ஒரு சந்தில் வாளியும் கடிகாரமும் வைத்து அளந்த பிறகுதான் எங்கே தவறினேன் என்று புரிந்தது.

முதலில் ஏரி. ஏழும் நிரம்பினால் மொத்தம் 14,47,363 மில்லியன் லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 51 டிஎம்சி, மேட்டூர் அணையின் கொள்ளளவில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். இதில் பாட்சா ஒன்றே 7,17,037, அதாவது ஏறக்குறைய பாதி. அந்த ஏரி மும்பைக்கு வெளியே, தாணே மாவட்டத்தின் ஷாகாபூர் பக்கம் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே, தேசியப் பூங்காவின் காட்டுக்குள், எல்லோருக்கும் தெரிந்த துளசியும் விஹாரும் இருக்கின்றன. துளசியின் கொள்ளளவு 8,046 மில்லியன் லிட்டர், விஹாருடையது 27,698. நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3,900 மில்லியன் லிட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள்: துளசி முழுக்க நிரம்பினாலும் நகரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர். விஹார் ஒரு வாரம். 'துளசி ஏரி நிரம்பி வழிந்தது' என்ற தலைப்பு ஒவ்வொரு ஜூலையிலும் வருகிறது, நானும் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் துளசி வழிந்தால், அதே வரியில் பாட்சாவின் நிலவரத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சதவீதத்தையும் நாட்களாக மாற்றித்தான் பார்க்க வேண்டும். 2024 மே 25 அன்று இருப்பு 1,40,202 மில்லியன் லிட்டர், அதாவது 9.69 சதவீதம். ஒன்பது சதவீதம் என்று படிக்கிற ஒருவருக்கு அது அதிகமா குறைவா என்று தெரியாது. 36 நாள் தண்ணீர் என்றால் தெரியும். இருந்தாலும் அந்த 36-ஐ அப்படியே தலைப்பில் போட்டால் பீதிதான் மிஞ்சும். பாட்சாவிலும் மேல் வைதர்ணாவிலும் வழக்கமான மட்டத்துக்குக் கீழே ஒரு சேமிப்பு உண்டு. மாநில அரசு அனுமதித்தால் அதையும் எடுக்கலாம், அந்த வருடம் அனுமதி கிடைத்தது. சேமிப்பு மட்டும் சுமார் 2,28,000 மில்லியன் லிட்டர், அந்த 9.69-இல் இது சேராது. இன்னொரு பக்கம், வெயிலில் ஆவியாகிப் போவது வகுத்தலில் வராது. ஆக, 36 நாள் என்பது அன்றைய இருப்பை உணர்த்தும் ஒரு அளவு. தண்ணீர் தீரும் தேதி என்று அதை எழுதக் கூடாது.

மீட்டர் மட்டத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ஏரி கிண்ணம் மாதிரி, மேலே அகலம், அடியில் குறுகல். நிரம்பிய ஏரியில் ஒரு மீட்டர் இறங்கினால் போகும் தண்ணீர் அதிகம், அடிப்பக்கத்தில் அதே ஒரு மீட்டரில் இருப்பது மிகக் குறைவு. மே மாதத்தில் 'வாரத்துக்கு ஒரு மீட்டர்தான் இறங்குகிறது' என்று எழுதி ஆறுதல் சொல்வதும், 'வேகமாக இறங்குகிறது' என்று எழுதிப் பயமுறுத்துவதும் இரண்டுமே தப்பாகலாம். மட்டத்தை விட்டுவிட்டு இருப்பைப் பார்த்து எழுதுவதே நல்லது.

சரி, இப்போது குழாய்க்கு வருவோம். அந்த வருடம் மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் நகரத்தில் தண்ணீர் வெட்டு. ஜூன் இரண்டாம் வாரம் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குப் போனேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். கடைசி வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்ததும், "நாலு நாளா தண்ணியே வரலையே தம்பி" என்றார். முதல் வீட்டு அண்ணாச்சியைக் கேட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார். முன்பெல்லாம் இப்படி இரண்டு பதில் வந்தால், 'மக்கள் புகார்' என்று ஒன்றையும் 'சிலர் மறுப்பு' என்று இன்னொன்றையும் எழுதிவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை அளந்தேன்.

நல்ல காலமாக, ஏப்ரலில் வேறொரு செய்திக்காக அதே சந்தில் அளந்து வைத்திருந்தேன். வெட்டுக்கு முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. அளக்கும் முறை எளிது. முதல் வீட்டில் தண்ணீர் எப்போது வந்தது, கடைசி வீட்டில் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று மூன்று நேரங்களைக் குறிக்க வேண்டும். பிறகு 20 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் மூன்று முறை பார்த்து சராசரி எடுப்பேன். வாளியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிச் சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஏப்ரலில் மாலை 5 முதல் 7 வரை 120 நிமிடம் தண்ணீர். கடைசிக் குழாயில் 5.35-க்கு வந்து 6.50-க்கு நின்றது: 75 நிமிடம். வாளி நிரம்ப 80 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். மொத்தம் 1,125 லிட்டர். அந்தக் குழாயை ஐந்து வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. வீட்டுக்கு 225 லிட்டர், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 45.

ஜூனில் சந்துக்குத் தண்ணீர் வந்த நேரம் 108 நிமிடம். சரியாகப் பத்து சதவீதம்தான் குறைவு, அதிகாரிகள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கடைசிக் குழாயில் 5.50-க்கு வந்து 6.33-க்கே நின்றுவிட்டது: 43 நிமிடம். வாளி நிரம்ப இரண்டு நிமிடம். மொத்தம் 430 லிட்டர், வீட்டுக்கு 86, ஆளுக்கு 17. நகரவாசிக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் வைத்திருக்கும் அளவுகோல். பத்து சதவீத வெட்டு அந்தக் குழாயில் 60 சதவீதத்துக்கு மேல் வெட்டாக இறங்கியிருந்தது.

காரணம் குழாயின் அமைப்பில் இருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடாத குழாய் ஒவ்வொரு மாலையும் காலியாகவே தொடங்குகிறது. முதலில் குழாய் நிரம்ப வேண்டும், அப்புறம் முன்னால் உள்ள வீடுகளின் டிரம்கள் நிரம்ப வேண்டும், அழுத்தம் மிச்சமிருந்தால்தான் கடைசிக்கு வரும். இந்த முன்செலவு வெட்டு வந்தாலும் குறைவதில்லை. குறைகிற பன்னிரண்டு நிமிடமும் கடைசி வீட்டின் பங்கிலிருந்தே போகிறது. முதல் வீட்டு அண்ணாச்சியின் டிரம்கள் ஏப்ரலிலும் ஜூனிலும் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிட்டன. அவர் சொன்னது உண்மை. 'தண்ணியே வரல' என்று பெரியம்மா சொன்னதும் அவர் அளவில் உண்மைதான். முன்பு குளிக்க, துவைக்க, சமைக்க என்று வந்த தண்ணீர் வரவில்லை. சமைக்க மட்டும் வந்தது.

அதனால் மக்களிடம் 'தண்ணீர் பஞ்சமா?' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். நேற்று எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று கேட்கிறேன். குடத்தையும் கையோடு அளந்துவிடுவேன், ஒரே சந்தில் 12 லிட்டர் குடமும் 15 லிட்டர் குடமும் இருக்கும். நேற்று என்று கேட்டால் நினைவு நன்றாக இருக்கும், போன மாதம் என்று கேட்டால் கோபமும் வருத்தமும் சேர்ந்து பதில் வரும். பெரியம்மா சொன்ன பதில் என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: ஆறு குடம், பேத்தியின் பள்ளிச் சீருடை மட்டும் துவைத்தது, தான் குளிக்கவில்லை.

எல்லா வறண்ட குழாய்க்கும் ஏரியைக் காரணம் சொல்லிவிடவும் கூடாது. சில வருடம் முன்பு சயான் கோலிவாடா பக்கம் ஒரு தெருவில் குழாய் நின்றதை ஏரி மட்டத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினேன். அடுத்த வாரம் ரோட்டைத் தோண்டி உடைந்த குழாயை மாற்றியதும் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரம் ஏரி இன்னும் இறங்கித்தான் இருந்தது. இப்போது முதலில் பக்கத்துச் சந்துகளைப் பார்க்கிறேன். ஏரியால் வந்த வெட்டு என்றால் சுற்றியுள்ள எல்லாச் சந்துகளிலும் வால்பகுதி வீடுகள்தான் அடிபட்டிருக்கும். ஒரு சந்தில் மட்டும் முதல் வீடு வரை வறண்டிருந்தால் உடைப்போ அடைப்போ வால்வோ என்று தேட வேண்டும். தண்ணீர் வரும்போது முதல் சில நிமிடம் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் உடைப்பின் வழியே சாக்கடை உள்ளே போயிருக்கலாம். அதைக் கட்டுரைக்காகக் காத்திருக்காமல் அன்றே மாநகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், குடிக்கிற தண்ணீர் அது.

அந்த வருடம் ஜூலை 20-இல் துளசி வழிந்தது. வெட்டு தொடர்ந்தது. அடுத்தடுத்த நாட்களில் தான்சாவும் விஹாரும் மோடக் சாகரும் நிரம்பின, ஜூலை 29 முதல் வெட்டு நீங்கியது. ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி வாளியோடு அந்தச் சந்துக்குப் போனேன். தண்ணீர் பழையபடி 120 நிமிடம் வந்தது. கடைசிக் குழாயில் 5.40-க்கு வந்து 6.50-க்கு நின்றது. வாளி நிரம்ப 100 விநாடி. மொத்தம் 840 லிட்டர், ஏப்ரலைவிடக் கால் பங்கு குறைவு. நடுவில் இரண்டு வீடுகளில் குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கும் சின்ன மோட்டார்கள் புதிதாக ஓடிக்கொண்டிருந்தன. வெட்டு நாட்களில் வாங்கியது என்றார்கள். கழற்றுவீர்களா என்று கேட்டேன். "அடுத்த வருஷமும் மே மாசம் வருமே" என்றார் ஒருவர்.