மோர், லஸ்ஸி, யோகட் பானம்: கிளாஸுக்குள் தயிர் எவ்வளவு?

"சோடாவை விட்டு மூன்று மாதமாச்சு மிஸ். இப்ப யோகட்தான் குடிக்கிறன்" என்றார் உப்புவெளியிலிருந்து வரும் ஐயா ஒருவர், கிளினிக் கொப்பியை நீட்டியபடி. எட்டு வருடமாகச் சீனி வருத்தம். சோடாவை விட்டும் கொப்பியில் இருந்த எண்கள் இறங்கவில்லை. என்ன யோகட் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்ட்ரோபெரி வாசம் போட்ட யோகட் பானம், 180 மில்லிலீற்றர். ஒரு நாளைக்கு இரண்டு குடிக்கிறாராம்.

போத்தலின் பின்பக்கத்து அட்டவணையை இருவரும் வாசித்தோம். காபோவைதரேற்று 14 கிராம், புரதம் 2, கொழுப்பு 1.5. "பதினாலுதானே, பரவாயில்லை" என்றார். அந்தக் கணக்கு 100 மில்லிலீற்றருக்கு. போத்தல் முழுவதற்கும் காபோவைதரேற்று ஏறக்குறைய 25 கிராம், புரதம் மூன்றரை, கொழுப்பு இரண்டரைச் சொச்சம், சக்தி 140 கிலோகலோரி. அந்த 140இல் 100 காபோவைதரேற்றிலிருந்தே வருகிறது.

25 கிராமும் போட்ட சீனி அல்ல. பாலுக்கென்று இயல்பான இனிப்பு ஒன்று உண்டு. இப்படியான பானத்தில் அது 100 மில்லிலீற்றருக்கு நாலு கிராமளவில் இருக்கும். அதைக் கழித்தால் மிச்சம் 10. ஆக ஒரு போத்தலில் வெளியிலிருந்து போட்ட சீனி சுமார் 18 கிராம். தேக்கரண்டியைத் தட்டையாக வழித்து அள்ளினால் ஒன்றில் நாலு கிராம் வரும். இரண்டு போத்தலுக்கு ஒன்பது கரண்டி. தேத்தண்ணியில் அவ்வளவு போட்டுக் கொடுத்தால் ஐயா வாயில் வைக்கமாட்டார்.

"அப்ப நான் வீட்டில லஸ்ஸி அடிச்சுக் குடுக்கிறன் மிஸ், அது நல்ல தயிர்" என்றார் அவருடைய மனைவி. தயிர் நல்லதுதான், தம்பலகாமத்துச் சட்டித் தயிர். எருமைப்பால் இயல்பிலேயே கொழுப்புக் கூடியது. அதோடு மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இன்னும் இறுகி வரும். 100 கிராமில் கொழுப்பு 7 கிராமளவு, புரதம் 4 சொச்சம். ஒரு லஸ்ஸிக்கு 150 கிராம் தயிர் என்றால் சீனி சேர்க்க முதலே 140 கிலோகலோரி, புரதம் 6, கொழுப்பு 10.

சீனி எவ்வளவு என்றேன். "சும்மா ரெண்டு கரண்டி." எந்தக் கரண்டி என்று கேட்காமல் இந்தப் பதிலை எழுதிக்கொள்ளக் கூடாது என்பது நான் பட்டறிந்தது. அவர் சொன்னது மேசைக்கரண்டி. தட்டையாக அள்ளினாலும் இரண்டுக்கு 25 கிராம். கிளாஸ் 240 கிலோகலோரிக்கு ஏறிவிட்டது; காபோவைதரேற்று 32 கிராம். புரதத்தில் போத்தலை வென்ற லஸ்ஸி, சீனியில் அதையும் தாண்டிவிட்டது.

மோருக்கு அவர்கள் வீட்டில் கால் கிளாஸ் தயிர், முக்கால் கிளாஸ் தண்ணீர். அதே சட்டித் தயிரில் 50 கிராம் என்றால் சக்தி 50 கிலோகலோரி, காபோவைதரேற்று இரண்டரை, கொழுப்பு மூன்றரை, புரதம் 2. வெண்ணெய் கடைந்தெடுத்த மோரில் கொழுப்பு இன்னும் குறையும். ஆனால் இப்போது நாம் மோர் என்பது பெரும்பாலும் தண்ணீர் விட்டு அடித்த தயிரைத்தான், ஆடையும் அதற்குள்ளேயே போய்விடும். ஆடையை முதலே வழித்தெடுத்தால் போதும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேசிக்காய்ப் புளி எல்லாம் தாராளமாகச் சேரட்டும். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை. ஐயாவுக்குப் பிரசரும் இருக்கிறது.

சரி, ஐயாவுக்கு மோர் என்று முடிவானது. அப்புறம் மனைவி எழும்பும்போது கேட்டார்: "மாமிக்கும் சோறு இறங்குதில்லை. இதையே மூண்டு நேரமும் குடுக்கட்டே?"

மறுபடி உட்காரச் சொன்னேன். மாமிக்கு 80 வயது, உடம்பு மெலிந்துகொண்டு வருகிறார், சீனி வருத்தம் இல்லை. மூன்று கிளாஸ் மோரில் அவருக்குக் கிடைப்பது 6 கிராம் புரதமும் 150 கிலோகலோரியும். ஒரு முட்டையிலேயே அந்த 6 கிராம் இருக்கிறது. மோர் வயிற்றைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் உள்ள பசியும் போய்விடும். மகனுக்கு வேண்டாம் என்ற லஸ்ஸிதான் இந்தக் கிழவிக்குப் பொருத்தம்: 150 கிராம் தயிர், ஆடை வழிக்காமல், தண்ணீர் கொஞ்சமாக, சீனி ஒரு தேக்கரண்டி. அதையும் சாப்பாட்டுக்கு முதல் கொடுக்காமல், பத்து மணிக்கும் நாலு மணிக்கும்.

கொப்பியின் கடைசித் தாளில் இரண்டு கிளாஸ் வரைந்து, ஒன்றில் தயிரைக் காலுக்கும் மற்றதில் முக்காலுக்கும் கோடு போட்டுக் கொடுத்தேன். ஐயா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "முக்கால் கிளாஸ் அம்மாட, என்ன?" என்றார்.