இரண்டு போனும் எச்டி, அழைப்பு மட்டும் ஏன் இல்லை?

போனில் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது 'எஸ்' எது, 'எஃப்' எது என்று குழம்புவது காதின் குறை அல்ல. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. சாதாரண அழைப்போ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கொண்டுபோகும். எச்டி வாய்ஸ் அதை 50 முதல் 7,000 வரை விரிக்கிறது. குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்த இடத்தில் இங்கே 16,000 தடவை அளக்கிறார்கள்.

இதற்கு இரட்டிப்பு டேட்டா வேண்டியதில்லை. குரலைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக்குகளில், பழைய ஏஎம்ஆர் அதிகபட்சம் நொடிக்கு 12.2 கிலோபிட் எடுக்கும். அதன் வைட்பேண்ட் தம்பியான ஏஎம்ஆர்-டபிள்யூபி 12.65 கிலோபிட்டிலேயே நன்றாகப் பேசும். ஆகவே தடை வேகத்தில் இல்லை, உடன்பாட்டில்தான்.

4ஜி வழியே, அதாவது வோல்டியில், அழைக்கும்போது உங்கள் போன் தனக்குத் தெரிந்த கோடெக்குகளைப் பட்டியலிட்டு அனுப்புகிறது. அதில் இப்படி வரிகள் இருக்கும்:

```
a=rtpmap:104 AMR-WB/16000
a=rtpmap:102 AMR/8000
```

எதிர்முனை போன் தனக்கும் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லும். முதல் வரி அடிபட்டால் மிஞ்சுவது 8,000. வழியில் இருக்கும் நெட்வொர்க்கும் ஒரு வரியை அடித்துவிட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு பேரிடமும் நல்ல போன், இருவரும் வோல்டியில், ஆனால் வேறு வேறு மொபைல் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். இரு நெட்வொர்க்கையும் இணைக்கும் இடம் இன்னும் பழைய 64 கிலோபிட் தொலைபேசி இணைப்பாக இருந்தால், அது நொடிக்கு 8,000 அளவுகளை மட்டுமே வாங்கும். வாசலில் இருக்கும் கேட்வே என்ற மாற்றுக் கருவி, சுருக்கிய குரலை விரித்து, மேல் பாதியை வெட்டி அனுப்பும். அந்தப் பக்கம் மறுபடி 16,000-க்கு மாற்றினாலும், போன சீறல் திரும்பாது. பாலத்தின் குறுகலான கண்தான் மொத்தப் பாதையின் அகலம். சாதாரண லேண்ட்லைனுக்கு அழைத்தாலும் இதே கதைதான்.

திரையின் மேலே நிரந்தரமாகத் தெரியும் எச்டி குறியை நம்பி முடிவு செய்யாதீர்கள். பல போன்களில் அது வோல்டி தயார் என்று மட்டுமே சொல்லும். அழைப்புத் திரையில் வரும் குறி கொஞ்சம் நம்பகமானது, ஆனால் அதுவும் உங்கள் பக்கத்து கோடெக்கைத்தான் காட்டும்; நடுவில் வெட்டு விழுந்தது அதற்குத் தெரியாது. காதால் சோதிப்பதே நேர்வழி: எதிரில் இருப்பவரை 'எஸ்', 'எஃப்' என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

குழம்பினால், முதலில் அமைப்புகளில் வோல்டி இயங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். பழைய ஹெட்செட்கள் 8,000-க்கு மேல் போகாது. பிறகு உங்கள் மொபைல் நிறுவனத்தின் எண்ணையே வைத்திருக்கும் ஒருவரை அழையுங்கள். அங்கே தெளிவாகி, வேறு நிறுவன எண்ணில் மட்டும் மங்கினால் போனைக் குறை சொல்ல வேண்டாம், இடையிலுள்ள இணைப்பையே சந்தேகியுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் குரல் மங்கினால், 4ஜி சிக்னல் தேய்ந்து அழைப்பு 2ஜிக்கு இறங்கியிருக்கலாம். துண்டித்துவிட்டு நல்ல சிக்னலில் மறுபடி அழைத்துப் பாருங்கள்.