100 பேர் சாம்பாருக்கு உப்பை இருபதால் பெருக்கலாமா?

வீட்டு விசேஷத்துக்குத் தாங்களே சமைக்க நினைப்பவர்கள் எங்களைப் போன்ற சமையல்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “5 பேருக்கு வைக்கிற சாம்பார் நன்றாக வருகிறது. 100 பேருக்கு எல்லாவற்றையும் இருபது மடங்கு போட்டால் போதும்தானே?” பருப்பு கொஞ்சம் கூடினால் மிஞ்சும், அவ்வளவுதான். உப்பு கூடினால் பந்தியே கெட்டுவிடும்.

வீட்டில் 5 பேருக்கு ஒன்றரை லிட்டர் சாம்பார், அதற்கு 15 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு 10 கிராம். இருபதால் பெருக்கினால் 30 லிட்டர் சாம்பாரும் 300 கிராம் உப்பும் வரும். ஆனால் பந்தியில் ரசம், கூட்டு, மோர் எல்லாம் இருக்கும்போது ஒருவர் 200 மில்லிக்கு மேல் சாம்பார் வாங்குவது அபூர்வம். எனவே நாங்கள் வைப்பது 20 லிட்டர்தான். பலர் சாம்பாரைக் குறைத்துவிட்டு உப்பை மட்டும் தலைக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். 20 லிட்டருக்கு வேண்டியது 200 கிராம், விழுவது 300. உப்பை ஆளை எண்ணிப் போடக்கூடாது. இறக்கும்போது அண்டாவில் நிற்கும் அளவுக்குத்தான் போட வேண்டும்.

தண்ணீரும் இப்படித்தான் ஏமாற்றும். அண்டாவில் சாம்பாரின் அளவு கூடுகிற அளவுக்கு அதன் வாய் அகலம் கூடுவதில்லை. அதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆவியாகிப் போவது குறைவு. வீட்டு விகிதத்திலேயே தண்ணீர் ஊற்றினால் சாம்பார் நீர்த்துப்போகும். கொதிக்கக் கொதிக்க வற்றும் என்று காத்திருந்தால் காய் குழைந்துவிடும். முதலில் குறைவாக ஊற்றி, பிறகு வெந்நீர் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டு பேருக்குச் சுருக்கும்போது இது தலைகீழ்: சின்னப் பாத்திரத்தில் சீக்கிரம் வற்றி உப்புத் தூக்கலாகிவிடும், தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

மிளகாய், பெருங்காயம், வெந்தயம் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பெரிய அண்டா இறக்கிய பிறகும் மணிக்கணக்கில் சூடு தாங்கும். அந்த நேரம் முழுக்கக் காரமும் கசப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். கணக்குப்படி வருவதில் முக்கால் பங்கு மட்டும் போட்டுக் கொதித்த பிறகு பாருங்கள். தாளிக்கும் எண்ணெயையும் பெருக்க வேண்டியதில்லை, கடுகு பொரியும் அளவுக்கு இருந்தால் சரி.

நாங்கள் கல் உப்பை எடைபோட்டு, வெந்நீரில் கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்வோம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல் உப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. 200 கிராமில் முதலில் 150 கிராமுக்கான கரைசலை ஊற்றி, அடியிலிருந்து கிளறி, ஐந்து நிமிடம் விட்டு ருசி பார்க்க வேண்டும். அதுவும் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தால் போதாது. பந்திச் சோற்றில் உப்பு இருக்காது, அதனால் ஒரு கவளம் சோற்றில் பிசைந்து பாருங்கள். குறைந்தால் மீதிக் கரைசல் கையில் இருக்கிறது.

கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதை நம்ப வேண்டாம். அது தனக்குள் போகும் சாறை மட்டும்தான் எடுக்கும், மீதிச் சாம்பார் அப்படியே கரிக்கும். உப்பில்லாமல் வெந்த பருப்பை இரண்டு லிட்டர் தனியே எடுத்து வைத்திருந்தால் அதைக் கலந்து சரிசெய்யலாம்.