ஏழாவது ஸ்லைடில்தான் கடை திறக்க வேண்டும்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். குன்னூரில் இலைத் தேயிலை விற்கிறார். இன்ஸ்டாகிராமில் போட ஒரு கரோசல், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத்தொடர், வடிவமைத்துத் தர வேண்டும் என்று என்னிடம் வந்தவர், முன்பு வேறொருவர் செய்து கொடுத்ததையும் போனில் காட்டினார். மொத்தம் பத்து ஸ்லைடு. முதல் ஸ்லைடில் "நல்ல டீ போடுவதன் ரகசியம்!" என்று கொட்டை எழுத்து. இரண்டாவதில் கடையின் வரலாறு. மூன்றிலிருந்து ஒன்பது வரை பனிமூட்டத் தோட்டப் படங்களும் "தரம், மணம், சுவை" என்ற சொற்களும். பத்தாவதில் "ரகசியம் அறிய அழையுங்கள்". ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் லோகோவும் போன் எண்ணும் உண்டு.

"எத்தனை பேர் கூப்பிட்டார்கள்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர், தம்பி. ஒருத்தர் கடன் வேணுமான்னு கேட்டார்."

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல்தான். இந்த மலையில் சாக்லேட், தேன், தைலம், தேயிலை என்று எதை விற்பவராக இருந்தாலும் என் முன்னால் வந்து உட்கார்ந்ததும் இதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் யார் நம்மகிட்ட வாங்குவாங்க?"

இதற்கு ஒருமுறை முழுதாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்பது தேயிலை. டீ போடும் முறையை நீங்கள் விற்கவில்லை. முறையை மறைத்து வைத்தால் தேயிலைக்கு மதிப்பு கூடாது, குறையும். எப்படி என்கிறீர்களா? சீசனில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு வருகிற குடும்பம் உங்கள் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிப் போகிறது. சென்னையில் அதைப் பாலோடு கொதிக்க வைக்கிறார்கள். சாயம் வரவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டு, இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். இப்போது கசக்கிறது. "ஊட்டிப் பக்கம் ஏமாத்திட்டாங்க" என்று பாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். நீங்கள் காத்த ரகசியம் செய்த வேலை இதுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அவர்கள் உங்களிடம் வாங்க மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். சொல்லாமல் விட்டதால்தான் இரண்டாவது பாக்கெட்டை வாங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரகசியம் என்று ஆசை காட்டி ஒன்பது ஸ்லைடு தள்ள வைத்துவிட்டுக் கடைசியில் போன் எண்ணை நீட்டினால், பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தாலே கடந்து போவார்.

சரி, அந்த அண்ணனுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் அவருக்கு வந்திருந்த மெசேஜ்களைத் திறந்து பார்த்தோம். விலை கேட்பவர்களை விட்டுவிட்டால், மீதியில் திரும்பத் திரும்ப வந்த புகார் "சாயமே இறங்கலை". போதும், தலைப்பு கிடைத்துவிட்டது. முதல் ஸ்லைடில் அதையே வைத்தோம்: "இலைத் தேயிலையில் சாயம் இறங்கவில்லையா?" அதற்குக் கீழே சின்னதாக, "தேயிலை மேல் தப்பில்லை". லோகோ, போன் எண் எதுவும் இல்லை. பதிவின் தலையில் கடையின் பெயரை இன்ஸ்டாகிராமே காட்டுகிறது. அதை மறுபடி படத்துக்குள் எழுதினால் பார்ப்பவர் விளம்பரம் என்று முடிவு கட்டி நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது ஸ்லைடைப் பலரும் வீணடிக்கிறார்கள். முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவருக்கு, சில நேரம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடோடு மறுபடி காட்டுவது இன்ஸ்டாகிராமின் வழக்கம். அதாவது இரண்டாவதும் ஒரு வாசல்தான். அங்கே "எங்கள் பயணம்" என்று கடை வரலாறு இருந்தால் வாசலை நீங்களே பூட்டுகிறீர்கள். நாங்கள் காரணத்தை வைத்தோம். வீட்டில் வழக்கமாக வாங்கும் டீத்தூள், இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை. அது பொடியாக இருப்பதால் சீக்கிரம் சாயம் விடும், பாலையும் தாங்கும். இலைத் தேயிலை முறுக்கி உலர்த்தியது. மெதுவாகத்தான் இறங்கும், நிறமும் வெளிர்தான். பக்கத்தில் இரண்டின் படம். அந்த ஒரு ஸ்லைடை மட்டும் பார்த்தவரும் எதையோ தெரிந்துகொண்டு போவார்.

மூன்றாவது, அளவு. ஒரு கப் என்றால் 150 மில்லி தண்ணீர், 2 கிராம் இலை. ஆனால் யார் வீட்டு அடுப்படியில் கிராம் தராசு இருக்கிறது? ஸ்பூனில் சொல்லலாம் என்றால், இலை புசுபுசுவென்று இருப்பதால் அதே ஸ்பூனில் தூளைவிட எடை குறைவாகவே வரும். அவருடைய இலையை ஸ்பூன் ஸ்பூனாக நிறுத்துப் பார்த்துவிட்டு "குவித்து ஒன்றரை டீஸ்பூன்" என்று எழுதினோம். அவர் இலைக்கு அது சரி, உங்கள் இலைக்கு நீங்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். தயவுசெய்து இணையத்தில் கிடைத்ததை அப்படியே ஒட்டாதீர்கள். போன வருடம் ஒருவர் தேனுக்கு "தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கினால் சுத்தமானது" என்று ஸ்லைடு கேட்டார். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் இறங்கும். தப்பான பாடத்தை அழகாக வடிவமைத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நான்காவதில் தண்ணீர், ஐந்தாவதில் நேரம். இங்கேதான் அண்ணனுக்கும் எனக்கும் விவாதம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் என்றார். அவருக்கு அது சரிதான். ஏனென்றால் குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கு "கொதித்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு இலையைப் போட்டு மூன்று நிமிடம். உடனே வடிகட்டுங்கள்" என்று மாற்றினோம். நம் அடுப்படியில் சரியாக வந்தது வாங்குபவர் அடுப்படியில் வர வேண்டும். மலையில் தொழில் செய்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஆறாவது ஸ்லைடுக்கு அவரைச் சம்மதிக்க வைக்க அரை மணி நேரம் ஆனது. "கெட்டியான பால் டீதான் வேண்டுமா? இலைத் தேயிலை வாங்காதீர்கள். குருணைத் தூள் வாங்குங்கள், விலையும் குறைவு." "நீங்களே வியாபாரத்தைக் கெடுக்கறீங்களே தம்பி" என்றார். பால் டீக்காரர் வாங்கினால் மறுபடி அதே புகார்தான் வரும் என்றேன். தவிர, "வாங்காதீர்கள்" என்று ஒரு கடைக்காரர் சொன்ன பிறகு அவர் அடுத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். அந்த அடுத்ததுதான் ஏழாவது.

அவர் எழுதி வந்தது: "இன்றே ஆர்டர் செய்யுங்கள்! 10% தள்ளுபடி! லைக், ஷேர், ஃபாலோ செய்யுங்கள்! வாட்ஸ்அப் செய்யுங்கள்!" ஒரே ஸ்லைடில் ஐந்து கட்டளை. படிப்பவர் எதையும் செய்ய மாட்டார். நாங்கள் வைத்தது இது: "உங்கள் வீட்டில் இருக்கும் இலைத் தேயிலையை நாளைக் காலை இப்படிப் போட்டுப் பாருங்கள். இலை இல்லையா? எங்களிடம் 100 கிராம் பாக்கெட் இருக்கிறது. 'இலை' என்று மெசேஜ் அனுப்பினால் விலையைச் சொல்கிறோம்." முதல் வாக்கியம் பாடத்தை முடிக்கிறது. ஏற்கனவே வேறு கடையில் வாங்கியவருக்கும் அது பயன்படும். அடுத்த மூன்றும் தேவை உள்ளவரை மட்டும் கூப்பிடுகின்றன. கேட்பது ஒரே ஒரு காரியம், அதுவும் ஒரே சொல்லைத் தட்டுவது. பதிவுக்குக் கீழே எழுதும் குறிப்பில் இணைய முகவரியைப் போடாதீர்கள், அங்கே அதைத் தட்டினால் திறக்காது.

இனி வடிவமைப்பு. எல்லா ஸ்லைடும் 1080 x 1350 பிக்சல். முதல் ஸ்லைடின் அளவுதான் மற்றவற்றுக்கும், நடுவில் ஒன்றைச் சதுரமாக வைத்தால் வெட்டுப்படும். உங்கள் பக்கத்தின் கட்டங்களில் முதல் ஸ்லைடின் இரண்டு ஓரங்களும் கொஞ்சம் போய்விடும் என்பதால் தலைப்பை ஓரத்தில் ஒட்டாதீர்கள். மேல் வலது மூலையிலும் எழுத்து வேண்டாம், "1/7" வந்து உட்காரும்.

எழுத்தளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கணினியில் அகலமாகத் தெரிவது போனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆங்கிலத்துக்கு 36 போதும் என்றால் தமிழுக்கு 46-க்குக் கீழே நான் போவதில்லை. நம் எழுத்துகளில் மேலே சுழி, கீழே வால். வரிக்கு வரி இடமும் தாராளமாக விட வேண்டும், இல்லையென்றால் மேல்வரி உகரம் கீழ்வரி இகரத்தில் இடிக்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் செய்பவர்கள் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் "தேயிலை"யில் கொம்பும் ஐகாரமும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்படியே அச்சிட்ட பெட்டிகளையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பனிமூட்டப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைப்பதை நிறுத்துங்கள். உங்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று மனப்பாடம். மற்றவர்களுக்குப் பனி மட்டும்தான் தெரியும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை. ஏழு படங்களையும் வாட்ஸ்அப்பில் மலைக்குக் கீழே உள்ள யாராவது ஒருவருக்கு, இந்தத் தொழிலே தெரியாதவருக்கு, அனுப்பி டீ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்காதீர்கள். நான் திருப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏண்டா, இலையைப் போட்டுட்டு மூடணுமா, திறந்தே வைக்கணுமா?"

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தினமும் மூடிதான் போடுகிறோம். எழுதவே தோன்றவில்லை. ஐந்தாவது ஸ்லைடைத் திறந்து "மூடி வையுங்கள்" என்று சேர்த்துவிட்டுத்தான் பதிவைப் போட்டோம்.