12,000 பாத்திரங்களும் ஒரே அறிவுரையும்: மொழி மாதிரிக்கான அழைப்புகளைக் குறைப்பது எப்படி?

எவர்சில்வர் பாத்திரங்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையின் பட்டியலில் 12,000 வரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 60 சொல் அளவில் தமிழில் ஒரு விளக்கம் வேண்டும். அதை மொழி மாதிரியைக் கொண்டு எழுதவைக்க வேண்டும். வரிசைக்கு ஓர் அழைப்பு என்று சுழற்சி ஒன்றை எழுதி ஓடவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதன் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால், பணம் எங்கே கரைகிறது என்பது தெரிந்துவிடும்.

மாதிரிகள் உரையை டோக்கன்களாக உடைத்து எண்ணுகின்றன. நாம் அனுப்பும் டோக்கனுக்கு ஒரு விலை, அது எழுதித் தரும் டோக்கனுக்கு அதைவிடப் பல மடங்கு அதிக விலை. UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதும், மாதிரிகளின் டோக்கன் அகராதியில் தமிழ்த் துண்டுகள் குறைவாக இருப்பதும் சேர்ந்து, ஒரு தமிழ்ச் சொல் பல டோக்கன்களாகச் சிதறுகிறது. ஆகவே ஆங்கிலத்துக்கான மதிப்பீட்டை நம்பாமல், 20 பொருள்களை ஓட்டி அளந்துகொள்வதே நல்லது. இங்கே கணக்குக்காக, கடையின் நடை, எழுதக்கூடாதவை, எடுத்துக்காட்டுகள் அடங்கிய, ஒவ்வோர் அழைப்பிலும் மாதிரிக்கு அனுப்பும் அறிவுரை 1,500 டோக்கன், பொருளின் தரவு 100, விடை 250 என்று கொள்வோம். விலை, உள்ளீட்டில் பத்து லட்சம் டோக்கனுக்கு 1 டாலர், வெளியீட்டில் 5 டாலர் என்று இருக்கட்டும். அப்படியானால் உள்ளீடு 19.2 டாலர், வெளியீடு 15 டாலர், மொத்தம் 34.2 டாலர். தொகை பெரிதல்லதான், ஆனால் அறிவுரையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஆறேழு முறை மறுபடி ஓட்டுவோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் சிக்கனம் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. 1 லிட்டர், 2 லிட்டர், 3 லிட்டர் தூக்குவாளிகள் மூன்று வரிசைகளாக இருந்தாலும் அவற்றின் விளக்கம் ஒன்றுதான். கொள்ளளவைத் தரவிலிருந்து எடுத்துவிட்டு, விடையில் அதற்கு ஓர் இடம் விட்டு எழுதச் சொல்லி, எண்ணைப் பிறகு நம் நிரலே நிரப்பினால், 12,000 வரிசைகள் நம் கணக்கில் 4,000 தனிப் பொருள்களாகச் சுருங்கும், செலவு 11.4 டாலராகிவிடும். இதில் எச்சரிக்கை ஒன்று தேவை. அளவு மாறும்போது பயனும் மாறும் பொருள்களை ஒன்றாகக் கட்டக்கூடாது. 1 லிட்டர் பாத்திரத்துக்கு எழுதிய வரி 50 லிட்டர் அண்டாவுக்குப் போனால், கல்யாணச் சமையல் அண்டாவை வாடிக்கையாளர் அலுவலகத்துக்குக் கையில் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

ஒருமுறை வாங்கிய விடையை மறுபடி வாங்காமலிருக்க, நம் வட்டில் ஒரு சேமிப்பு வேண்டும். SQLite கோப்பு ஒன்றே போதும். விடையை எந்தச் சாவியின் கீழ் வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விடையை மாற்றக்கூடியவை அனைத்தும் சாவியில் இருக்க வேண்டும். மாற்றாதவை எதுவும் இருக்கக்கூடாது.

```python
text = json.dumps([MODEL, PROMPT, item],
                  sort_keys=True, ensure_ascii=False)
text = unicodedata.normalize("NFC", text)
key = hashlib.sha256(text.encode("utf-8")).hexdigest()
```

நிரலில் இரண்டாவதாக வரும், எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் `normalize` கூற்று தமிழுக்கு இன்றியமையாதது. ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ‘ெ’, ‘ா’ என்ற இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இரண்டு பேர் வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டிய பட்டியலில், ‘கொப்பரை’ இரண்டு சாவிகளாகப் பிரிந்து இருமுறை காசு வாங்கும். சேமிப்பிலிருந்து கிடைக்க வேண்டிய விடைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியவை இதுவும் சொல்லின் இறுதியில் ஒட்டிய வெற்றிடமும்தான்.

இப்போது மீதமுள்ள உள்ளீட்டுச் செலவு 6.4 டாலர், அதில் 6 டாலர் ஒரே அறிவுரையை 4,000 முறை அனுப்புவதற்கே போகிறது. பத்துப் பொருள்களை ஓர் அழைப்பில் கட்டி அனுப்பினால் அறிவுரை 400 முறைதான் போகும், உள்ளீடு 1 டாலராகும். பலரும் செய்வது இதைத்தான். எனக்கு இதில் ஈடுபாடு குறைவு. ஏழாவது பொருளின் மூடி எட்டாவது பொருளின் விளக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒன்று விடுபட்டு ஒன்பது விடைகளே வரும், நீள வரம்பு முட்டிக் கடைசி விளக்கம் பாதியில் அறுபடும். இன்னொரு வழி, மாதிரியை வழங்கும் நிறுவனங்களே தரும் முன்பகுதிச் சேமிப்பு. அழைப்புகளின் தொடக்கப் பகுதி அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தால், அந்தப் பகுதிக்குச் செய்த கணக்கீட்டை அவர்கள் சில நிமிடங்கள் வைத்திருந்து, அடுத்த அழைப்புகளில் அதற்குக் குறைந்த விலை வாங்குகிறார்கள். பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், அறிவுரைக்கு 0.6, தரவுக்கு 0.4, மொத்தம் அதே 1 டாலர். கட்டி அனுப்புவதில் கிடைத்த ஆதாயம், அதன் கலப்படம் இல்லாமலேயே இங்கே கிடைத்துவிடுகிறது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. தொடக்கப் பகுதி ஒரு குறைந்தபட்ச நீளத்தைத் தாண்ட வேண்டும். பல மாதிரிகளில் அது 1,024 டோக்கன். அறிவுரையின் முதல் வரியில் யாராவது தேதியையும் நேரத்தையும் வைத்திருந்தால் ஒவ்வோர் அழைப்பும் புதிதாகிவிடும். மாறும் தரவு எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். முதல் அழைப்புக்கு விடை வரத் தொடங்கிய பிறகே சேமிப்பு பயனுக்கு வரும் என்பதால், ஒன்றை முதலில் அனுப்பிவிட்டு மற்றவற்றை அவிழ்த்துவிட வேண்டும். விடையுடன் வரும் பயன்பாட்டுக் கணக்கில், சேமிப்பிலிருந்து படித்த டோக்கன்கள் சுழியமாகவே இருந்தால் ஏதோ ஓர் எழுத்து மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நிறுவனங்கள் விதிக்கும் வேக வரம்பும் இதே கணக்கோடு பின்னியிருக்கிறது. நிமிடத்துக்கு 50 அழைப்பு, 30,000 உள்ளீட்டு டோக்கன் என்று இரண்டு வரம்புகள் இருந்தால், 1,600 டோக்கன் அழைப்புகள் நிமிடத்துக்கு 18 மட்டுமே செல்லும். 50 என்ற எண் வெறும் அலங்காரம். சேமிப்பிலிருந்து படித்த டோக்கன்களை வரம்பில் சேர்க்காத சேவையானால் டோக்கன் தடை விலகி, 4,000 அழைப்புகள் 80 நிமிடத்தில் முடியும். ஓர் அழைப்புக்கு 6 விநாடி ஆகிறதென்றால், நிமிடத்துக்கு 50 என்ற வேகத்துக்கு ஒரே நேரத்தில் 5 இணை ஓட்டங்கள் போதும். 50 ஓட்டங்களைத் திறப்பவருக்குக் கிடைப்பது வேகமல்ல, வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று சொல்லும் `429` என்ற பிழைக் குறி. அது வந்தால், அதனுடன் வரும் `retry-after` தலைப்பு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் ஏதேனும் ஒரு சீரற்ற அளவையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து ஓட்டங்களும் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக விழித்து, மறுபடி ஒன்றாக முட்டும். `400` என்ற பிழை வந்த கோரிக்கையை மட்டும் திருப்பி அனுப்பவே கூடாது. தவறான கோரிக்கை எத்தனை முறை போனாலும் தவறுதான்.

விளக்கங்கள் நாளைக்கு வந்தால் போதும் என்றால், கோரிக்கைகளை மொத்தமாகக் கோப்பாக ஒப்படைத்து 24 மணி நேரத்துக்குள் விடை பெறும் பேட்ச் சேவையைப் பெரிய நிறுவனங்கள் பாதி விலைக்குத் தருகின்றன. விடைகள் அனுப்பிய வரிசையிலேயே வரும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கையின் `custom_id` வழியாகத்தான் பொருத்த வேண்டும், அங்கே நம் சாவியையே வைத்துவிடலாம். ஆனால் பேட்சில் முன்பகுதிச் சேமிப்பு ஒவ்வொரு முறையும் கைகொடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அது முழுவதும் தவறினாலும் 11.4-இல் பாதி, அதாவது 5.7 டாலர்தான், நேரடி அழைப்பும் முன்பகுதிச் சேமிப்பும் சேர்ந்து தந்த, உள்ளீட்டுக்கு 1, வெளியீட்டுக்கு 5 என்ற 6 டாலரைவிட அதுவே குறைவு.

வந்த விடையை அப்படியே நம் வட்டிலுள்ள சேமிப்பில் போடுவது ஆபத்து, ஏனென்றால் கெட்ட விடை சேமிப்பில் புகுந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அதுவே திரும்பி வரும். நீள வரம்பில் நின்றுபோனதா, கொள்ளளவுக்கான இடம் விடையில் இருக்கிறதா, தரவில் இல்லாத எண் ஏதும் நுழைந்திருக்கிறதா என்று நிரலே சோதித்து, தேறியவற்றை மட்டும் எழுத வேண்டும். தேறாதவற்றுக்குச் சாவி இருக்காது. அதனால் அடுத்த ஓட்டத்தில் அவையும் புதிதாகச் சேர்ந்த பொருள்களும் மட்டுமே தாமாக அனுப்பப்படும். அறிவுரையின் முழு உரையும் சாவிக்குள் இருப்பதால், அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் 4,000 விளக்கங்களும் மறுபடி விலைக்கு வரும். ஆகவே திருத்தத்தை 20 பொருள்களில் ஓட்டிப் படித்துப் பார்த்து, இனி கை வைக்க வேண்டியதில்லை என்று தோன்றிய பிறகே முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும்.